ரமண மகரிஷி ஆராதனைக்குப் பாடல் எழுதுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சத்சங்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் ரமணரின் ஆராதனை நாளன்று புதிய பாடல் ஒன்றைப் பாடுவது வழக்கம். அதை எழுதும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. பிற ஊர்களில் இதே பொறுப்பை ஏற்றவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, ஒரே பாடலை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விடையளித்திருக்கிறேன்.

ஏப்ரல் 14 அன்று பாடுவதற்குப் பாட்டு வேண்டும். தேதியைப் பாட்டிலேயே வைக்கலாமா?

முதலில் நாளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரமணர் உடலை நீத்தது 1950 ஏப்ரல் 14, இரவு 8.47 மணிக்கு. ஆனால் ஆராதனை திதியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அது தேய்பிறைத் திரயோதசி. ஆகவே ஆராதனை நாள் ஆண்டுதோறும் நகரும். சில ஆண்டுகளில் மே மாதத்திலும் வரும். நாயன்மார் குருபூசைகளை நட்சத்திரத்தால் கணக்கிடுவதை நாம் அறிவோம்: அப்பருக்குச் சித்திரைச் சதயம், சம்பந்தருக்கு வைகாசி மூலம். ரமணருக்கும் பிறந்தநாளான ஜயந்தி மட்டும் மார்கழிப் புனர்பூசம் என்று நட்சத்திரத்தால் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆராதனைப் பாட்டில் புனர்பூசத்தைப் பாடிய ஒரு கூட்டத்தை நான் கேட்டிருக்கிறேன்.

தேதியைப் பாட்டில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பாடுகிற நாளும் பாட்டில் உள்ள நாளும் பெரும்பாலான ஆண்டுகளில் ஒத்துவராது. அதோடு, "மறைந்த நாள்", "பிரிந்த நாள்" போன்ற சொற்களையும் தவிர்த்துவிடுங்கள். கடைசி மாதங்களில் அன்பர்கள் கலங்கியபோது, தாம் எங்கே போய்விட முடியும், இங்கேதான் இருக்கிறேன் என்ற பொருளில் அவர் சொன்னது எல்லா வரலாறுகளிலும் இருக்கிறது. அதை அறிந்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில் "எம்மைப் பிரிந்து சென்றாயே" என்று பாடினால், அந்தச் சொல்லை நாமே மறுப்பதாக ஆகிவிடும்.

அவருடைய வாழ்க்கை முழுவதையும் பாட்டில் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் விரும்புகிறார்கள். எத்தனை சரணம் எழுதலாம்?

நான் எழுதிய முதல் பாட்டில் பதினாறு சரணங்கள் இருந்தன. திருச்சுழியில் தொடங்கி, மதுரை, ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், குருமூர்த்தம், விரூபாட்சி குகை, கந்தாசிரமம், அன்னையின் சமாதி என்று ஒன்றையும் விடாமல் எழுதினேன். ஐந்தாவது சரணத்துக்கு மேல் கூட்டம் வாயை மூடிக்கொண்டு, என்னை மட்டும் பாடவிட்டது. பிழை நீளத்தில் மட்டும் இல்லை. ஒவ்வொரு சரணமும் ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி நகர்ந்ததே தவிர, எதுவும் நடக்கவில்லை.

ஒரு பல்லவியும் அனுபல்லவியும் மூன்று சரணங்களும் போதும். வாழ்க்கை முழுவதையும் சொல்வதற்குப் பதிலாக, முழு வாழ்க்கையும் அடங்கியிருக்கும் ஒரே செயலைத் தேடுங்கள். நான் எடுத்துக்கொண்டது அவர் மதுரையில் எழுதி வைத்துவிட்டு வந்த கடிதம். 1896 ஆகஸ்ட் 29 அன்று, பதினாறு வயதில், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு அவர் புறப்பட்டார். தந்தையைத் தேடிப் போவதாகச் சொல்லும் அந்தக் கடிதத்தின் முதல் சொல் "நான்". அடுத்த வாக்கியமே "இது" என்று தொடங்குகிறது. புறப்பட்டுப் போகும் தன்னை ஒரு பொருளைப் போலச் சுட்டுகிறது. "இப்படிக்கு" என்று முடித்த இடத்தில் பெயர் இல்லை, ஒரு கோடு மட்டும் இருக்கிறது. நான், இது, கோடு. மூன்று சரணங்களுக்கு வேண்டிய வரிசையை அந்தக் கடிதமே தந்துவிட்டது. இடையில் அந்த 3 ரூபாய்க்கு இடம் வேண்டியிருந்ததால், நானும் இதுவும் முதல் சரணத்துக்குள் சேர்ந்துகொண்டன.

பாட்டு முழுவதையும் ஒருமுறை காட்ட முடியுமா?

பல்லவி
பேரைவிட்டு வந்தவரே பிரியாது நின்றவரே

அனுபல்லவி
ஊரைவிட்டுப் புறப்பட்டே ஓர்மலையைச் சேர்ந்தவரே

சரணம் 1
நானெனுஞ்சொல் முன்னெழுதி ஒற்றைவரி போனபின்னே
ஊனுடலை இதுவென்றீர் உம்பெயரை விட்டுவிட்டீர்

சரணம் 2
மூன்றுரூபாய் கையெடுத்து மீதியையும் வைத்துவிட்டீர்
தோன்றுமலை தந்தையென்றே தேடிவந்து நின்றுவிட்டீர்

சரணம் 3
கையெழுத்து வைக்குமிடம் கோடுமட்டும் போட்டுவைத்தீர்
மெய்யெழுத்தாய் மௌனமொன்றே மீதமென்று காட்டிவிட்டீர்

எனக்கு யாப்பிலக்கணம் தெரியாது. தாளத்தில் உட்காரும்படி எப்படி எழுதுவது?

வெண்பா எழுதுவதற்கு வேண்டிய இலக்கணம் இதற்குத் தேவையில்லை. சிந்துப் பாடல்களின் வழியில், புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணினால் போதும். மேலே உள்ள பாட்டில் ஒவ்வொரு சீரிலும் அப்படி எண்ணப்படும் எழுத்துகள் நான்கு. "பேரைவிட்டு" என்பதில் பே, ரை, வி, டு என்று நான்கு வருகின்றன. நடுவில் உள்ள "ட்" கணக்கில் சேராது. "நின்றவரே" என்பதில் நி, ற, வ, ரே. ஒரு வரிக்கு நான்கு சீர்கள். ஆக 16 எழுத்துகள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில், ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு எழுத்துகளாக ஒரு வரி ஓர் ஆவர்த்தனத்தில் முடிந்துவிடும்.

எழுதும்போது இயல்பாக வருகிற சொற்களில் பாதி, ஐந்து எழுத்தாக இருக்கும். "அமர்ந்தவரே" என்று எழுத எனக்கு மிகுந்த ஆசை இருந்தது. எண்ணிப் பார்த்தால் அ, ம, த, வ, ரே என்று ஐந்து. ஒரே ஒரு சீரில் இப்படி ஓர் எழுத்து மிஞ்சினால் முன்னணிப் பாடகர் விரைவாகச் சொல்லிச் சமாளித்துவிடுவார். ஆனால் பின்பாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சமாளிப்பார்கள், அந்த இடத்தில் மட்டும் பாட்டு கலங்கும். கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தடுமாறினால், பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் அந்தச் சீரை எண்ணிப் பாருங்கள்.

எழுத்து சரியாக இருந்தும் பொருள் கெடுகிற ஓர் இடம் உண்டு. மெதுவாகப் பாடும்போது குறில் நீண்டு நெடிலாகிவிடும். "தோன்றுமலை" என்பதில் "மலை" நீண்டால் "மாலை" என்று கேட்கும்; "ஒற்றைவரி" என்பதில் "வரி", "வாரி" ஆகிவிடும். எங்கள் முதல் ஒத்திகையில், மலையைத் தந்தை என்று பாட வேண்டிய இடத்தில் மாலைப்பொழுது வந்து நின்றது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு: காலப்பிரமாணத்தைச் சற்றுக் கூட்டுவது ஒன்று, "ம"வை வெட்டிச் சொல்லி, நீட்டல் முழுவதையும் "லை"யின்மேல் வைப்பது மற்றொன்று. நாங்கள் இரண்டாவது வழியைத்தான் பின்பற்றினோம்.

பல்லவிதான் வரவில்லை. எப்படிப் பிடிப்பது?

பல்லவியை நான் கடைசியில்தான் எழுதுவேன். சரணங்கள் எதைச் சொல்லி முடிகின்றனவோ அதற்கு நேரே திரும்பிப் போகக்கூடிய வரி பல்லவியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் அதைப் பாடப்போகிறோம் என்பதால், அந்த இணைப்பு இல்லாவிட்டால் பல்லவி தொடர்பில்லாத கோஷமாகிவிடும்.

இந்தப் பாட்டுக்கு நான் முதலில் எழுதியது "பேரில்லாமல் போனவரே" என்ற தொடக்கம். எழுத்துக் கணக்கு சரி. கடிதத்தில் பெயர் இல்லை என்பதும் சரி. சத்சங்கத்தின் மூத்த அம்மையார் ஒருவர் அதைக் கேட்டதும் முகம் சுளித்தார். "பேரில்லாமல் போ" என்பது எங்கள் பக்கத்தில் சாபம். எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது காதில் விழவில்லை. அடுத்து "பேரைவிட்டுப் போனவரே" என்று மாற்றினேன். இதிலும் ஒரு சிக்கல் இருந்தது: புகழை நிறுத்திவிட்டுப் போனவரையும் "பேரை விட்டுப் போனவர்" என்றுதான் சொல்கிறோம். அத்துடன், ஆராதனை நாளில் "போனவரே" என்று அழைப்பது, நான் மேலே தவிர்க்கச் சொன்ன பிரிவைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்துவிடுகிறது.

"வந்தவரே" என்ற ஒரு சொல் இரண்டு சிக்கலையும் தீர்த்தது. மதுரையில் நின்று பார்த்தால்தான் அவர் போனவர். மலையின் பக்கம் நின்று பார்த்தால் வந்தவர். பாடுகிற நாம் மலையின் பக்கம் நிற்கிறோம். 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தவர், ஏறத்தாழ 54 ஆண்டுகள் அதைவிட்டு எங்கும் போகவில்லை. "பிரியாது நின்றவரே" என்பது அந்த வரலாற்றையும் சொல்கிறது, தாம் எங்கும் போகவில்லை என்று அவர் சொன்னதையும் சொல்கிறது. பல்லவி எழுதியவுடன் அதை வயதில் மூத்த இரண்டு மூன்று பேரிடம் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். அகராதியில் இல்லாத வழக்குப்பொருள் அவர்கள் காதில்தான் இருக்கிறது.

எதுகை மோனைக்காக உண்மையைக் கொஞ்சம் வளைக்கலாமா?

வளைக்கக் கூடாது. முதல் சரணத்தின் முதல் வரியைப் பாருங்கள். அது முதலில் "நானெனுஞ்சொல் முன்னெழுதி நாலுவரி போகுமுன்னே" என்று இருந்தது. "நா", "நா" என்று முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் அழகான மோனை. ஆனால் கடிதத்தில் "நான்" இருப்பது முதல் வாக்கியத்தில். இரண்டாம் வாக்கியமே "இது" என்று தொடங்கிவிடுகிறது. அந்தக் கடிதத்தின் வியப்பே அந்த வேகத்தில்தான் இருக்கிறது. "நாலுவரி" என்றால் ஏதோ யோசித்து மாற்றியதைப் போல் ஆகிவிடும். ஆகவே மோனையை விட்டு, "ஒற்றைவரி போனபின்னே" என்று மாற்றினேன். அந்த வரியில் ஓசை சற்று வெறுமையாக இருப்பது எனக்குத் தெரியும். அதை அப்படியே விட்டிருக்கிறேன். எதுகை உறுதியாக இருந்தால் ஒரு வரியின் மோனைக் குறை பாடும்போது தெரியாது. இங்கே "நானெனும்", "ஊனுடலை" என்று எதுகை தாங்கிக்கொள்கிறது.

மாறாக, தேடினால் ஓசையும் உண்மையும் ஒன்றாகவே கிடைக்கும் இடங்களும் உண்டு. மூன்றாம் சரணத்துக்குக் "கையெழுத்து" என்று தொடங்கிவிட்டு எதுகை தேடியபோது "மெய்யெழுத்து" வந்தது. ஒலிக்க இன்னோர் எழுத்தின் துணை வேண்டிய புள்ளி எழுத்துக்கும் அதுதான் பெயர். உண்மையான எழுத்து என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். மௌனத்தையே தம் உயர்ந்த உபதேசமாகக் கொண்டவரின் கையெழுத்தில்லாத கடிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் தேடியிருந்தால் கிடைத்திருக்காது.

செய்யாத ஒன்றைக் குருவின்மேல் ஏற்றிச் சொல்வது மற்றொரு வகை வளைப்பு. பதினாறு வயதுச் சிறுவன், உலகுக்குப் பாடம் புகட்டுவதற்காகவே கோடு போட்டான் என்று எழுதினால் அது நம் கற்பனை. கோடு போட்டார் என்பது நமக்குத் தெரியும். அதில் நமக்கு என்ன தெரிந்தது என்பதையும் சொல்லலாம். சரணத்தின் முதல் வரியில் செயல், இரண்டாம் வரியில் நமக்குத் தெரிந்தது என்று பிரித்து வைத்தால் இந்தத் தவறு நேராது.

அவருடைய அட்சரமணமாலையிலிருந்து ஒரு வரியை எடுத்துப் பல்லவியாக வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 1950 ஏப்ரல் 14 அன்று இரவு, அவருடைய அறைக்கு வெளியே அமர்ந்திருந்த அன்பர்கள் பாடிக்கொண்டிருந்தது அந்த 108 கண்ணிகளைத்தான். அதன் பல்லவி ஒலித்த மறுகணமே கூட்டத்தின் மனம் அந்த இரவுக்குப் போய்விடும். உங்கள் சரணங்கள் யார் காதிலும் விழா. அது அதற்குரிய நேரத்தில் முழுமையாகப் பாடப்படட்டும். எங்கள் சத்சங்கத்தில் முதலில் அட்சரமணமாலை, பிறகு சற்று நேரம் மௌனம், அதன் பின்னரே புதிய பாட்டு என்று வைத்திருக்கிறோம்.

எந்த ராகத்தில் அமைப்பது? முகாரி பொருத்தமா?

முகாரி என்றாலே அழுகை என்று நம்மவர் காதில் பதிந்துவிட்டது. ஆகவே இந்த நாளுக்கு அது வேண்டாம். நான் நாதநாமக்கிரியையைத் தேர்ந்தேன். மாயாமாளவகௌளையில் பிறந்த இந்த ராகம் மேல் ஷட்ஜத்துக்கு ஏறாமல் நிஷாதத்தோடு நின்றுவிடுகிறது. பாடுகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். ஆண்களும் பெண்களும் ஒரே சுருதியில் பாட வேண்டியிருக்கிறது. எட்டாத உச்சி இல்லாத ராகம் என்றால் எல்லோரும் கடைசிவரை கூடப் பாடுவார்கள். அமைதியும் சற்றே உருக்கமும் அதில் இயல்பாகவே உண்டு.

பல்லவி கீழ்ப்பகுதியிலும், அனுபல்லவி பஞ்சமத்துக்கு மேலும் நடக்கட்டும். சரணங்கள் மூன்றுக்கும் ஒரே மெட்டு போதும். மூன்றாம் சரணத்தில் "கோடுமட்டும் போட்டுவைத்தீர்" என்ற இடத்துக்குப் பிறகு ஓர் ஆவர்த்தனம் யாரும் பாடாமல், தாளம் மட்டும் போகும்படி விட்டோம். கடிதத்தில் பெயர் இல்லாத இடம் பாட்டிலும் வெற்றிடமாக நிற்கிறது. இதைச் செய்வதானால் ஒத்திகையில் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்மோனியக்காரர் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுவார்.

எங்கள் குரு ஊருக்கு வெளியே அறியப்படாதவர். கடிதம், வரலாறு எதுவும் இல்லை. இந்த முறை எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும்; தேடுவதற்குத்தான் அதிக நாள் ஆகும். அவரோடு பழகியவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், கருணைக் கடல், ஞானச் சுடர் என்ற விடைதான் வரும். அவர் காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார், கோபம் வந்தால் எப்படி இருப்பார், சாப்பிட மறுத்த நாள் உண்டா, கடைசியாக உங்களிடம் பேசியது என்ன என்று கேட்டால் செயல்கள் கிடைக்கும். ஒரே செய்தியை ஒருவரை ஒருவர் கலந்து பேசாத இருவர் சொன்னால் அதைப் பாட்டில் வைக்கலாம்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டில் உங்கள் குருவின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பாட்டு பொருந்தினால் அதில் உங்கள் குரு இன்னும் வரவில்லை. மேலே உள்ள பாட்டில் ரமணர் என்ற பெயரே இல்லை. ஆனாலும் அதை வேறு எவர் ஆராதனையிலும் பாட முடியாது.

எழுதியவர் பெயரை முத்திரையாகக் கடைசிச் சரணத்தில் வைக்கலாமா? தாளில் எப்படி அச்சிடுவது?

கீர்த்தனைகளில் முத்திரை வைப்பது நல்ல மரபுதான். ஆனால் கையெழுத்தை விட்டுவிட்டு வந்தவரைப் பற்றிய பாட்டில் என் கையெழுத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தாளின் அடியிலும் போடவில்லை.

அச்சிடும்போது சீர்களைச் சேர்த்து எழுதாமல், பொருள் விளங்கும்படி பிரித்து அச்சிடுங்கள்: "நான் எனும் சொல் முன் எழுதி". எழுத்துக் கணக்கு மாறாது. புதிதாக வருகிறவரும் தடுமாறாமல் வாசிப்பார். பதினாறு புள்ளிக்குக் குறையாத எழுத்தளவில், ஒரு தாளில் ஒரே பக்கமாக இருக்கட்டும். பாட்டின் நடுவில் நாற்பது பேர் ஒன்றாகத் தாளைத் திருப்பும் ஓசை ஒரு வரியையே விழுங்கிவிடும். "கோடுமட்டும்" வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், பாடாமல் விட வேண்டிய ஆவர்த்தனத்துக்கு அடையாளமாக, நாங்கள் தாளிலும் ஒரு கோடு மட்டும் போட்டுவைத்தோம்.